விலைக்கு இன்பாக்ஸ் வரவும் என்று எழுதுகிறவர்களுக்கு

மாங்காய் சீசன் முடிந்து, மீந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டாயிற்று. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. எங்களிடம் பழம் வாங்குகிற நகரத்து ஆட்களுக்கும், என்னைப் போல நேரடியாக விற்கிற விவசாயிகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் கோபம் வரலாம். வரட்டும்.

போன வருஷம் மே மாசக் கடைசியில் நடந்தது. தொரட்டியோடு ஆள் மரத்து மேலே, நான் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சென்னையிலிருந்து ஒரு அம்மா. "தம்பி, இமாம் பசந்து ஃப்ரிட்ஜில வெச்சா எத்தனை நாள் தாங்கும்?" ஒரு கையில் சாக்கு, ஒரு கையில் போன். "ஒரு வாரம் தாங்கும்மா" என்று தட்டிவிட்டேன். அவங்களும் 5 கிலோ சொன்னாங்க, பணமும் போட்டாங்க.

நான் சொன்னது பழுத்த பழத்துக்கு. அவங்க புரிந்துகொண்டது பெட்டியில் வந்த பச்சைக் காய்க்கு. பெட்டி போன அன்றைக்கே அத்தனையையும் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் படம் வந்தது. தோலெல்லாம் கருப்புப் புள்ளி. வெட்டிய காய் வெளிறிப் போய், ரப்பர் மாதிரி. மாங்காய் வெயில் நாட்டுச் சரக்கு. 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் பச்சைக் காய்க்குள் பழுக்கிற வேலையே கெட்டுவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடும். அதற்குள் சில நாள் இருந்துவிட்ட காயை அப்புறம் வெளியே எடுத்து எந்த வைக்கோலில் போட்டாலும் சரியாகப் பழுக்காது.

அந்த அம்மா சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "பரவாயில்ல தம்பி, எனக்குத்தான் தெரியல" என்றார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வருஷம் காத்திருந்து மரம் கொடுத்த பன்னிரண்டு காயைத் திருப்ப முடியுமா?

அன்று ராத்திரி என் விளம்பரத்தை நானே எடுத்துப் படித்தேன். இதுதான் எழுதியிருந்தேன்: "எங்கள் தோட்டத்து இமாம் பசந்து. 100% இயற்கை. தேன் போன்ற சுவை. விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." கூடவே மூன்று படம். இதை வைத்துக்கொண்டு ஒருத்தர் எப்படி வாங்க முடியும்? என்ன விலை, எப்போது வரும், காயா பழமா, எத்தனை இருக்கும், எதுவும் கிடையாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால், மரத்தடியில் நிற்கிற ஒருத்தன் ஒரு கையால் தட்டுகிற அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். கேள்விகள் தானாக வரவில்லை. நான்தான் வரவழைத்தேன்.

இந்த "இன்பாக்ஸ் வரவும்" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். டவுனில் ஒரு தம்பி, ஆன்லைன் வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறவர். எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலரை உட்காரவைத்து, "விலையைப் போடாதீங்க அண்ணே. கேள்வி வந்தாத்தான் பேச முடியும். பேசினாத்தான் விக்க முடியும்" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம். இது பத்து உருப்படி விற்கிறவனுக்குச் சரியாக இருக்கலாம். ஒரு வீடு வாங்குகிறவனிடம் பேசிப் பேசித்தான் விற்க முடியும். இரண்டு, மூன்று வாரத்தில் பறித்து அனுப்பி முடிக்க வேண்டிய சரக்குக்கு இது வேலைக்கு ஆகாது. காய் முற்றிவிட்டால் எனக்காகக் காத்திருக்காது. நான் பதில் தட்டிக்கொண்டிருந்த அரை மணியில் மேலே இருக்கிறவன் பிஞ்சையும் சேர்த்துப் பறித்துப் போட்டிருக்கிறான். முற்றாத காயை யார் வீட்டில் வைத்தாலும் பழுக்காது, சுருங்கி வதங்கும். அந்தப் பழியும் என் தலையில்தான்.

விலையை மறைப்பதில் இன்னொரு அசிங்கம் உண்டு. ஆளைப் பார்த்து விலை சொல்வது. புரொபைல் படத்தில் கார் நின்றால் ஒரு விலை, சின்னப் பையன் கேட்டால் ஒரு விலை. இடைத்தரகர் எங்களிடம் ஆளுக்கொரு விலை சொல்லி வாங்குகிறார் என்று முப்பது வருஷமாகப் புலம்புகிறோம். அதையே நாம் வாங்குகிறவரிடம் செய்துவிட்டு, நேரடி விற்பனை என்று பேர் வைத்துக்கொண்டால் ஆயிற்றா?

சரி, செய்தது என்ன என்று சொல்கிறேன். சீசன் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, அந்த ஒன்றரை மாதம் வந்த கேள்வி எல்லாவற்றையும் ஒரு கோடு, ஒரு கோடாகப் போட்டேன். வார்த்தைதான் வேறே தவிர, கேள்வி ஆறுதான். வீடு வரைக்கும் மொத்தம் எவ்வளவு? எப்போது வரும்? காயா, பழமா? எத்தனை இருக்கும்? மருந்து அடித்ததா? கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? இவ்வளவுதான். மீதி எல்லாம் இதன் பிள்ளை குட்டிகள்.

இந்த வருஷம் அந்த ஆறுக்கும் பதிலை விளம்பரத்திலேயே எழுதினேன். பகலில் எழுதவில்லை. ராத்திரி, போனை அணைத்துவிட்டு எழுதினேன். எழுதியது இது:

"இமாம் பசந்து, பச்சைக் காயாக வரும். 5 கிலோ பெட்டி, சென்னை வீட்டு வாசல் வரை 1,040 ரூபாய். வேறு எதுவும் சேராது.

காய் 750 (கிலோ 150), பெட்டி, வைக்கோல் 50, பார்சல் 240. பெட்டியோடு எடை 5 கிலோ 600 கிராம் வரும், பார்சலில் 6 கிலோவாகக் கணக்கிடுவார்கள். கிலோவுக்கு 40.

திங்களும் வியாழனும் பறிப்போம். அன்று மாலை பார்சலில் ஏறும். சென்னைக்கு இரண்டாம் நாள் வரும்.

பெட்டியில் 8 முதல் 12 காய் இருக்கும். ஒரே அளவாகக் கேட்காதீர்கள், மரம் அப்படிக் காய்ப்பதில்லை.

வந்ததும் பெட்டியைப் பிரித்து, வைக்கோலிலோ செய்தித்தாளிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். 4 முதல் 7 நாளில் ஒவ்வொன்றாகப் பழுக்கும். பழுக்கும் வரை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. பழுத்த பிறகு வைத்தால் நாலைந்து நாள் தாங்கும்.

இந்த ரகம் பழுத்தாலும் முழு மஞ்சள் ஆகாது. பச்சை இருந்துகொண்டே இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். வாசம் வந்து, தோள்பட்டை லேசாக அமுங்கினால் சாப்பிடலாம்.

பூ எடுக்கும்போது தத்துப்பூச்சிக்கு ஒரு முறை ரசாயன மருந்து, சாம்பல் நோய்க்கு இரண்டு முறை நனையும் கந்தகம் அடித்தோம். காய் பிடித்த பிறகு எதுவும் இல்லை. பழுக்க வைக்க எதுவும் போடுவதில்லை.

நசுங்கிய காய் இருந்தால் பெட்டி வந்த அன்றே படம் அனுப்புங்கள். பழுத்து வெட்டும்போது புழுவோ கறுப்போ இருந்தால் வெட்டிய படம் அனுப்புங்கள். அந்தக் காயின் எடைக்குப் பணம் திரும்ப வரும்."

பெரிதாக இருக்கிறது அல்லவா? இதைப் பார்த்த அந்த டவுன் தம்பி சிரித்தார். "இவ்ளோ யாருண்ணே படிப்பாங்க?" என்றார். இது எல்லோரும் சொல்கிறதுதான். பாதி நிஜம். வாட்சப்பில் நீளமாகப் போட்டால் கொஞ்சம் காட்டிவிட்டு Read more என்று மடித்துவிடும். அதைத் தொடுவதா வேண்டாமா என்பதை மேலே தெரிகிற வரிகள்தான் முடிவு செய்யும். நான் முன்னே எழுதிய மாதிரி "தேன் போன்ற சுவை" என்று ஆரம்பித்தால் யாரும் தொட மாட்டார்கள். தேன் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் ரகம், காய், எடை, வீடு வரைக்கும் மொத்த விலை, இந்த நாலும் முதல் பத்தியிலேயே முடிந்துவிட வேண்டும். வாங்கப் போகிறவர் கீழேயும் படிப்பார். ஆயிரம் ரூபாய் கொடுக்கிறவர் ஏன் படிக்காமல் இருக்கப் போகிறார்? படிக்காதது மக்களின் குற்றம் என்று சொல்கிறவர்கள், படிக்கும்படி எதையும் எழுதியதில்லை.

பார்சல் கணக்கை உடைத்து எழுதியதற்கும் காரணம் உண்டு. "காய் 750தானே, அதெப்படி ஆயிரத்தைத் தாண்டுது?" என்று கேட்காத ஆள் கிடையாது. 5 கிலோவுக்கு 6 கிலோ காசு வாங்குகிறேன் என்று ஒருவர் என்னைத் திருடன் என்கிற அளவுக்குப் போனார். பெட்டியும் வைக்கோலும் 600 கிராம், பார்சல்காரர் முழுக் கிலோவுக்குத்தான் போடுவார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி எழுதினேன். இந்த வருஷம் அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பேர், "அப்ப 10 கிலோவா வாங்கினா பெட்டிச் செலவு குறையுமா?" என்று கேட்டார்கள். குறையும். விவரம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

பச்சை விஷயம் அதைவிட முக்கியம். பங்கனப்பள்ளி, செந்தூரா பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிறம் மாறினால்தான் பழம். இமாம் பசந்து அப்படி இல்லை. நிறத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, உள்ளே கொழகொழவென்று போன பிறகு வெட்டிவிட்டு, "அழுகின பழம் அனுப்பிட்டீங்க" என்பார்கள். நல்ல பழம்தான் போயிருக்கும். எழுதாமல் விட்ட ஒரு வரி அதை அழுக வைத்தது.

இப்போது மருந்து வரி. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது இதில்தான். பக்கத்துத் தோட்டத்து மாமா நேரிலேயே வந்து, "ஏம்ப்பா, யாரும் கேக்காமயே ரசாயனம் அடிச்சேன்னு எழுதுவியா? உன் காயை மட்டுமில்ல, எங்க காயையும் சேர்த்துக் கெடுக்கிற" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு வாங்காமல் போனவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் போகட்டும் என்றுதான் எழுதினேன். பூ சமயத்தில் தத்துப்பூச்சி இறங்கினால் பூங்கொத்து முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிக் கருகிக் கொட்டும். ஒரு வருஷம் வேப்பெண்ணெயை மட்டும் நம்பி மரத்தை மொட்டையாகப் பார்த்தவன் நான். ஒரு முறை அடித்தேன். அடித்ததை அடித்தேன் என்று சொல்லாமல் "100% இயற்கை" என்று போட்டால், அது பொய். கேட்டால் சொல்லலாம் என்று மறைத்தால், அதுவும் பொய்க்குத் தங்கச்சிதான். மருந்தே படாத காய்தான் வேண்டும் என்கிறவருக்கு என் காய் வேண்டாம். அதை அவர் பணம் போடுவதற்கு முன்னாடியே தெரிந்துகொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. விளம்பரம் என்பது ஆளைச் சேர்ப்பதற்கு மட்டும் இல்லை. பொருந்தாத ஆளைக் கைகூப்பி அனுப்பிவைக்கவும்தான்.

நகரத்து நண்பர்களுக்கு இங்கே ஒன்று. "கார்பைட் போடுவீங்களா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். போடுகிறவனும் "இல்லை" என்றுதான் சொல்வான். கால்சியம் கார்பைட் கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அதில்தான் காயைப் பழுக்க வைப்பார்கள். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டது. முறையான அறையில் எத்திலீன் வாயு, 100 பிபிஎம் அளவுக்குள், வைத்துப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எது எப்படியோ, பழமாக வந்ததைப் பார்த்து, வீட்டில் இருந்தபடி நீங்கள் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. பச்சைக் காயாக வாங்குங்கள். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், நாலாம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்று என்று முன்னே பின்னே பழுத்தால், அந்தக் கேள்வி கேட்காமலேயே தீர்ந்தது. "பச்சைக் காயாக வரும்" என்கிற மூன்று வார்த்தையை முதல் வரியில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு எழுதினதால் கேள்வியே நின்றுவிட்டதா என்றால், இல்லை. விலை, காயா பழமா, எத்தனை இருக்கும், இந்த மூன்றும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. "எப்ப வரும்?" மட்டும் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. திங்கள், வியாழன் பறிப்போம் என்று எழுதினேனே தவிர, எந்த நாளுக்குள் பணம் போட்டால் எந்தப் பறிப்பில் சேரும் என்று எழுதவில்லை. ஞாயிறு ராத்திரி பணம் போட்டவர் திங்கள் பறிப்பிலா, வியாழன் பறிப்பிலா? அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வருஷம் "ஞாயிறு மதியத்துக்குள் சொன்னால் திங்கள், புதன் மதியத்துக்குள் சொன்னால் வியாழன்" என்று ஒரு வரி சேரும். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால், விளம்பரத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓட்டையை அடைப்பது சுலபம்.

நடுவில் மழையும் வந்தது. ஒரு வியாழன் பறிப்பு சனிக்கு நகர்ந்தது. அன்றைக்கு விளம்பரத்தில் வியாழன் என்றே இருந்தது. மாற்ற மறந்துவிட்டேன். பொய்யான பதில் எழுதி வைத்திருப்பது, பதிலே எழுதாமல் இருப்பதைவிட மோசம் என்று அன்றைக்குப் புரிந்தது. படித்துவிட்டு நம்பிப் பணம் போட்டவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து போன் போட்டுச் சொன்னேன். விலையும் தேதியும் மாறுகிற சரக்கு என்றால், மாறின அன்றே அந்த வரியையும் மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்ய முடியாதவர்கள் தேதி எழுதாமல் இருப்பதே மேல்.

எழுதக் கூடாத பதிலும் உண்டு. "அப்பாவுக்குச் சுகர், எத்தனை துண்டு சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன விளம்பரத்தில் எழுதுவது? "இந்த ரகம் சுகருக்கு நல்லது" என்று எழுதுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். மாம்பழத்தில் இனிப்பு இருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள் என்பதுதான் என் பதில். அது போனில் சொல்கிற பதிலாகவே இருக்கட்டும்.

"எல்லாத்தையும் எழுதிட்டா மனுஷத் தொடர்பே போயிருமே" என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். விவசாயியோடு பேசுவதற்குத்தான் நேரடியாக வாங்குகிறோம் என்றார். எனக்கு நடந்தது நேர்மாறு. "ரேட்?" "ஷிப்பிங்?" "அவைலபிள்?" இதெல்லாம் ஒரு பேச்சா? ஒரு வணக்கம்கூட இல்லாமல் ஒற்றை வார்த்தை வரும், நானும் ஒற்றை எண்ணைத் தட்டுவேன். அது போனதற்கு யார் அழப் போகிறார்கள்? இந்த வருஷம் வந்தது வேறே மாதிரி. கொட்டையை ஊன்றினால் இதே பழம் வருமா என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டது. வராது பாப்பா, இதற்கு ஒட்டுத்தான் கட்ட வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினேன். பேச எனக்கு நேரம் இருந்தது.

ஜூனில் அந்தச் சென்னை அம்மாவுக்கு நானே ஒரு செய்தி போட்டேன். விளம்பரத்தை அனுப்பி, "ஃப்ரிட்ஜ் வரி உங்களால வந்ததும்மா" என்றேன். மறுபடியும் 5 கிலோ சொன்னார்கள். ஆறாம் நாள் ஒரு படம் வந்தது. தரையில் செய்தித்தாள், அதன் மேல் ஒற்றை அடுக்காகப் பத்துக் காய், இரண்டு இடம் காலி. கீழே ஒரு வரி: "பச்சையாத்தான் இருந்துச்சு, மோந்து பாத்து வெட்டிட்டேன்."